இருபத்து மூன்று, எழுத்தால்

முதல் அறை விழுந்தபோது மதியம் இரண்டரை மணி. மேலே பலகைத் தளத்தில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த நூர் நிஷா, கீழே ஏதோ தோல் கட்டு சரிந்து விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். தாராவியில் அந்தச் சந்து முழுக்கத் தோல் பட்டறைகள். எங்கேயோ ஏதோ விழுவதும் யாரோ எதையோ அடிப்பதும் அங்கே நாளெல்லாம் கேட்கிற சத்தம். ஆனால் அதற்குப் பிறகு வந்தது வேல்ராஜின் குரல்.

“எதுக்குத் தம்பி அடிக்கிய? என்னன்னு சொல்லிட்டு அடிங்க.”

வேல்ராஜ் அந்தப் பெல்ட் பட்டறையின் குடோன்காரர். நாங்குநேரிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பதினேழு வருடமாகத் தைத்து முடிந்த பெல்ட்டை வாங்கி அடுக்குவதும், டெம்போ வந்தால் எண்ணி ஏற்றுவதும் அவர் பொறுப்பு. அறைந்தவன் முதலாளி மன்சூர் அலியின் மகன் ராஹில். வயது இருபத்தெட்டு. கல்லூரி படித்தவன். கோபம் மட்டும் படிப்பில்லாமலே வந்தது.

“பத்தாயிரத்து ஐநூத்தி அறுபத்திரண்டு பெல்ட் இருக்கணும். எங்கே? சச் போல், உண்மையைச் சொல். எங்கே வித்தே?” என்றான் ராஹில்.

நிஷா தளத்தின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள். குடோன் என்பது பத்துக்குப் பதினைந்தில் ஓர் அறை. மூன்று அலமாரிகள். இரண்டு காலி. மூன்றாவதில்தான் கொஞ்சம் கட்டுகள் இருந்தன. வேல்ராஜ் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அழுகை வரவில்லை, திகைப்புத்தான் வந்திருந்தது.

பத்தாயிரம் பெல்ட்டைத் திருடுவது என்றால் ஒரு மனிதன் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போய்விட முடியாது. மூட்டை மூட்டையாய் ஏற்ற டெம்போ வேண்டும், இறக்க ஆள் வேண்டும். நின்று நிதானித்து யோசிக்கிற யாருக்கும் இது தோன்றும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். முந்தின நாள் குர்லா ஸ்டேஷன் வாசலில் ஒரு கடையில் தங்கள் பெல்ட் தொங்குவதை ராஹில் பார்த்திருந்தான். மொத்தமாக வாங்கிப்போகிற வியாபாரி கடையில் தொங்கவிடாமல் பெட்டியிலா வைத்துப் பூட்டுவான்? ராஹில் அப்படி நினைக்கவில்லை. கடையில் பெல்ட்டைப் பார்த்தான், வந்து லேப்டாப்பில் இருப்பைப் பார்த்தான், இரண்டையும் முடிச்சுப் போட்டான், கையை ஓங்கிவிட்டான்.

“இந்தா நோட்டு இருக்கு. தேதி வாரியா எழுதியிருக்கேன். பாருங்க, பத்து நாள்ல ஒம்பதாயிரத்து எண்ணூறு வெளிய போயிருக்கு. வாங்குனவன் கையெழுத்துப் போட்ட சீட்டும் இந்தப் பையில இருக்கு” என்று வேல்ராஜ் ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினார்.

நோட்டு தமிழில் இருந்தது. ராஹிலுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. இலக்கங்களையாவது பார்த்திருக்கலாம். அவன் பையைக் காலால் எத்தினான். சீட்டுகள் தரையில் பறந்தன.

“உன் கையால நீ எழுதுன நோட்டை எனக்கு எதுக்குக் காட்டுறே? சிஸ்டத்துல தொண்ணூத்தெட்டுதான் வெளிய போயிருக்கு. வெறும் தொண்ணூத்தெட்டு. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா, சாலா?”

அடுத்த அடி வாயில் விழுந்தது.

 அந்தத் தொண்ணூற்றெட்டை லேப்டாப்பில் அடித்தவள் நிஷாதான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தினமும் ஐந்து மணிக்கு வேல்ராஜ் ஏணியின் அடியில் நின்று நோட்டைப் பார்த்து, அன்றைக்குப் போன சரக்கை ஏலம் விடுகிற மாதிரி உரக்கச் சொல்லுவார். “கறுப்பு ஒண்ணரை இஞ்ச், நானூறு.” மேலே நிஷா எண்ணை அடித்து என்டர் தட்டி, “ஆச்சு அண்ணாச்சி” என்பாள். “பிரவுன், இருநூத்தி அம்பது.” “ஆச்சு.” பத்து நிமிட வேலை. நிஷா பம்பாயில் பிறந்தவள். இந்திப் பள்ளியில் படித்ததால் அவளுக்கும் தமிழ் வாசிப்புத் தடுமாற்றம்தான். அதனால்தான் இந்த ஏற்பாடு. அது சின்ன லேப்டாப். எண்களுக்கென்று தனிக் கட்டைகள் இல்லை, மேல் வரிசைதான். அதிலும் எழுத்துகள் தேய்ந்திருந்தன. ஆகவே காது கீழே, கண் கட்டைகளில் என்றுதான் அவள் அடிப்பாள். திரையைப் பார்ப்பது அபூர்வம். கூட்டல் கழித்தலெல்லாம் வேறொரு பக்கத்தில் தானாக நடக்கும், அதை ராஹில் பார்த்துக்கொள்வான்.

தைத்து வருகிற பெல்ட்டின் கணக்கு அவள் கையில் வராது. தையல்காரர்கள் போனில் அனுப்புகிற பட்டியலை ராஹில் அப்படியே நகலெடுத்து ஒட்டிவிடுவான். வெளியே போவது மட்டும்தான் அவள் அடிப்பது.

‘நான் சரியாத்தானே அடிச்சேன்’ என்று நிஷா நினைத்தாள். நானூறு என்றால் நான்கு, சைபர், சைபர். விரலுக்கு நினைவிருந்தது. பிறகு எப்படித் தொண்ணூற்றெட்டு? வாய்விட்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். வாய் வரவில்லை. மான்குர்த்தில் வாடகை வீடு, முட்டி தேய்ந்து எழுந்து நடக்க முடியாத உம்மா, இவள் ஒருத்தி சம்பளம். நானும்தான் அடித்தேன் என்று சொன்னால், கூட்டுக் களவாணி என்று அடுத்த அடி இவளுக்கு விழும். பயம் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

“கரீம், ஷட்டரை இழு” என்றான் ராஹில்.

கரீம் பாட்சா தோல் வெட்டுகிறவன். ஆறடி ஆள், கை இரண்டும் உலக்கை மாதிரி. கெட்டவன் இல்லை. ஆனால் சம்பளம் கொடுக்கிற வாய் சொன்னால் கேட்கிற ரகம். ஷட்டர் கடகடவென்று இறங்கியது. பகல் வெளிச்சம் போய் ஒரு டியூப்லைட் மட்டும் மிஞ்சியது.

“நிஷா, நீ மேலேயே இரு. கீழே வந்தே, பார்த்துக்க.”

ராஹில் அலமாரியிலிருந்து ஒரு பெல்ட்டை உருவினான். நல்ல எருமைத் தோல், தடித்த பித்தளைக் கொக்கி. கரீம் பாட்சா வேல்ராஜின் இரண்டு கைகளையும் பின்னால் வளைத்துப் பிடித்தான்.

“கரீமு, நீயுமாலே?” என்று மட்டும் கேட்டார் வேல்ராஜ். கரீம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பெல்ட் இறங்கியது. ஒன்று.

நிஷா கண்ணை மூடிக்கொண்டாள். காதை மூட முடியவில்லை. இரண்டு. மூன்று. கீழே வேல்ராஜ் சொல்லச் சொல்ல மேலே எண்ணைப் பிடிப்பதே அவளுக்குப் பழக்கமாகிவிட்ட வேலை. இப்போதும் காது அதையே செய்தது. நான்கு. பெல்ட் சட்டையில் விழுகிற சத்தம் வேறு, வெறும் முதுகில் விழுகிற சத்தம் வேறு. ஏழாவதில் சட்டை கிழிந்திருக்க வேண்டும். பத்தாவதில் கொக்கி எலும்பில் பட்டது. அதுவரை பல்லைக் கடித்திருந்த வேல்ராஜ் அந்த அடிக்குக் கத்திவிட்டார். வெளியே சந்தில் ஆட்கள் நடக்கிற அரவம் கேட்டது. ஒருவரும் ஷட்டரைத் தட்டவில்லை. அடுத்த பட்டறையில் தையல் மிஷின் ஒரு நொடி நின்று, மறுபடியும் ஓடத் தொடங்கியது.

“யாருக்கு வித்தே?”

“ஒருத்தனுக்கும் இல்ல.”

பதினைந்து. பதினாறு.

“எத்தன வருஷமா இந்த வேல பார்க்கிறே?”

“பதினேழு வருஷமா ஒரு கொக்கி கூட எடுத்ததில்ல தம்பி. உங்க வாப்பா வரட்டும். அவுகளுக்குத் தெரியும்.”

வாப்பாவின் பெயரை எடுத்ததுதான் தப்பாகப் போயிற்று. மன்சூர் அலி அன்று காலை தாணேயில் ஒரு வியாபாரியைப் பார்க்கப் போயிருந்தார். எதற்கெடுத்தாலும், “வேல்ராஜுகிட்ட கேளு, அவனுக்குத் தெரியும்” என்று மகனிடம் சொல்லுவார். அந்தப் புகைச்சல் ராஹிலுக்குள் பல வருடமாக இருந்தது. அடி வேகமெடுத்தது. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று இடைவெளி இல்லாமல் விழுந்தது. இருபத்து மூன்றில் நின்றது, ராஹிலுக்கு மூச்சு வாங்கியதால்.

“நிஷா.”

“ஆ, ராஹில் பாய்.”

“இங்க இருக்கிற சரக்கை எண்ணிட்டேன். எண்ணூத்தி அறுபது. அதை இருப்புக் கட்டத்துல போடு. எவ்வளவு குறையுதுன்னு கணக்கு வரும். பிரிண்ட் எடு. இவன் கையெழுத்துப் போடப் போறான், திருடினேன்னு. போட்டுட்டு, என்ன வந்திருக்குன்னு உரக்கப் படி.”

நிஷா எட்டு, ஆறு, சைபர் அடித்தாள். என்டர் தட்டினாள். படிக்கச் சொன்னதால், இந்த ஒரு தடவை திரையைப் பார்த்தாள்.

கட்டத்தில் 9 என்று இருந்தது.

தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்தாள். மறுபடியும் ஒவ்வொரு கட்டையாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள். எட்டு. ஆறு. சைபர். அடிக்கும்போது 860 என்றுதான் தெரிந்தது. என்டர் தட்டியதும் 9. கட்டத்தின் மேல் நின்று, மேலே நீளப் பட்டையில் பார்த்தாள். அங்கே 8.6 என்று இருந்தது. எட்டுப் புள்ளி ஆறு. அந்தப் பத்தியில் புள்ளிக்குப் பின்னால் எதையும் காட்டாதபடி வைத்திருந்ததால், அது ஒன்பது என்று முழுசாகித் தெரிந்திருக்கிறது.

“என்ன, தூங்கிட்டியா?” என்றான் கீழிருந்து ராஹில்.

“ஒரு நிமிஷம் பாய்.”

வெளியே போன சரக்கின் பக்கத்தைத் திறந்து பத்து நாளைக்கு மேலே ஓட்டினாள். கறுப்பு ஒண்ணரை இஞ்ச், 4. பிரவுன், 3. அதன் உள்ளே 2.5. வேல்ராஜ் நானூறு என்று சொன்னது நான்காகவும், இருநூற்றைம்பது என்றது இரண்டரையாகவும் உட்கார்ந்திருந்தன. ஒன்று விடாமல் எல்லாம் நூறில் ஒரு பங்கு. பத்து நாளுக்கு முந்தினதெல்லாம் ஒழுங்காக இருந்தன. திரையின் அடிப்பட்டையில், இடது மூலையில், சின்ன ஆங்கில எழுத்தில் ‘ஃபிக்ஸ்டு டெசிமல்’ என்று எழுதியிருந்தது. அது பத்து நாளாக அங்கேதான் இருந்திருக்கிறது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? அவள் தலையைத் தூக்கியிருந்தாலே போதும்.

அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

பதினோரு நாளைக்கு முன்னால் ஒரு வியாபாரி போனிலேயே ஆர்டரை ரத்து செய்தான். ராஹில் கோபத்தில் லேப்டாப்பின் மேலேயே குத்தினான். புள்ளிக் கட்டை பிய்ந்துகொண்டு போயிற்று. மறுநாள் அவன் தோல் அளவு ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு தோலும் இருபத்து மூன்றே முக்கால் சதுர அடி, பதினெட்டரை சதுர அடி என்று பின்னம் பின்னமாய் வரும். புள்ளி இல்லாமல் எப்படி அடிப்பது? போனில் வீடியோ பார்த்து, ஆப்ஷன்ஸுக்குள் போய், புள்ளியைத் தானாக வைக்கிற பெட்டியில் டிக் போட்டான். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இடம் என்று குறித்தான். பெருமையோடு இவளைக் கூப்பிட்டுக் காட்டினான். “பாரு, 2375ன்னு அடிச்சா 23.75. புள்ளியே வேண்டாம். தேக்கா?” இவளும் தலையாட்டினாள். தோல் அளவை முடித்தான், பட்டறையை மூடினான், டிக்கை எடுக்க மறந்தான். அது ஒரு ஃபைலுக்கு மட்டும் ஒட்டிக்கொள்கிற சமாச்சாரம் இல்லை. அந்த லேப்டாப்பில் எந்த ஃபைலைத் திறந்து அடித்தாலும் கடைசி இரண்டு இலக்கம் புள்ளிக்குப் பின்னால் போய்விடும். ராஹில் ஒட்டிய எண்கள் சுருங்கவில்லை, ஒட்டினால் அது தொடாது. அவள் கையால் அடித்தவை மட்டும்தான் சுருங்கின. உள்ளே வந்தது முழுசு, வெளியே போனது நூறில் ஒரு பங்கு. பிறகு குடோனில் மலை மாதிரிச் சரக்கு இருப்பதாகத் தாளில் வராமல் என்ன செய்யும்?

அவள் உடனே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. நிச்சயப்படுத்திக்கொள்ளலாம் என்று ஓரமாய் ஒரு காலிக் கட்டத்தில் 100 அடித்தாள். 1 வந்தது. இன்னொன்றில் 5000. 50 வந்தது. பிழையாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்கிற பயம்தான் அந்த இரண்டையும் அடிக்க வைத்தது. அரை நிமிடம் இருக்கும். அதற்குள் கீழே ராஹிலின் பொறுமை தீர்ந்துபோயிற்று.

“பேச மாட்டே இல்ல? எந்தக் கையால எழுதுனே அந்த நோட்டை? இந்தக் கையாலதானே? கரீம், கையை அங்கே வை.”

கொக்கிக்கு ரிவெட் அடிக்கிற கை பிரெஸ் ஏணிக்குப் பக்கத்தில் மேசையில் பொருத்தியிருந்தது. நெம்புகோலை இழுத்தால் இரும்புத் தண்டு இறங்கி, தோலையும் பித்தளையையும் சேர்த்து நசுக்கி இறுக்கும்.

“பாய், வேண்டாம், நிறுத்துங்க. தப்பு சிஸ்டத்துல இருக்கு” என்று நிஷா கத்தியதும் நெம்புகோல் இறங்கியதும் ஒரே சமயத்தில் நடந்தன.

வேல்ராஜ் போட்ட அலறல் மனிதக் குரல் மாதிரி இல்லை. நிஷா லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஏணியில் இறங்கினாள் என்பதைவிட விழுந்தாள் என்பதே சரி. பிரெஸ்ஸின் மேசையில் ரத்தம் பரவிக்கொண்டிருந்தது. வலது கையின் நடு மூன்று விரல்களும் நசுங்கிக் கிடந்தன. கரீம் பாட்சா கையை விட்டுவிட்டுப் பின்வாங்கி, சுவரில் முட்டிக்கொண்டு நின்றான்.

“அண்ணாச்சி திருடல. நான் அடிச்ச நம்பரெல்லாம் நூறுல ஒண்ணா சுருங்கிருக்கு. நீங்க டிக் போட்டது பாய். புள்ளி ஒடஞ்ச மறுநாள். பாருங்க” என்று நிஷா அந்த ரத்தத்துக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்து, ராஹிலின் கண் முன்னால் 860 அடித்தாள். 9 வந்தது. “ஒம்பதாயிரத்து எண்ணூறு போயிருக்கு. அதான் தொண்ணூத்தெட்டு. நோட்டுல இருக்கிறது சரி. அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி.”

பதிலுக்கு ராஹில் அவளை அறைந்தான். காதோடு சேர்த்து விழுந்த அறை. அவள் மேசையில் மோதி, ஒரு கையை வேல்ராஜின் ரத்தத்தில் ஊன்றி நின்றாள். ஆனாலும் திரையைத் திருப்பியே வைத்திருந்தாள்.

“பாருங்க” என்றாள் மறுபடியும்.

ராஹில் பார்த்தான்.  சட்டென்று லேப்டாப்பை இழுத்து, ஆப்ஷன்ஸுக்குள் போய் அந்த டிக்கை எடுத்தான். “எடுத்தாச்சு. சரியாயிடுச்சு. இப்போ சரியாயிடும்” என்று சொல்லிக்கொண்டே பத்தியைப் பார்த்தான். நான்கு நான்காகவே இருந்தது. இரண்டரை இரண்டரையாகவே இருந்தது. டிக்கை எடுத்தால் இனி அடிப்பதுதான் ஒழுங்காக விழும். ஏற்கெனவே சுருங்கியது சுருங்கியதுதான், யாராவது உட்கார்ந்து நூறால் பெருக்கி மீட்கிற வரைக்கும். அவன் திரையையும் வேல்ராஜின் கையையும் மாறி மாறிப் பார்த்தான். கையைப் பெருக்கி மீட்க அவனுக்கு எந்த ஆப்ஷனும் தெரியவில்லை.

கரீம் பாட்சாதான் ஷட்டரைத் தூக்கினான். வெளியே மன்சூர் அலி நின்றுகொண்டிருந்தார். தாணேயிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். பகல் நேரத்தில் ஷட்டர் ஏன் மூடிக் கிடக்கிறது என்று தட்டக் கையைத் தூக்கியிருந்தார்.

நிஷா சொன்னாள். கன்னம் வீங்கிப் பாதி வார்த்தை குழறியது. மன்சூர் அலி கேட்டுக்கொண்டே கீழே சிதறிக் கிடந்த சீட்டுகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். நானூறு என்று போட்டுக் கையெழுத்து இருந்தது. தரையில் கிடந்த பெல்ட்டை எடுத்தார். மகனின் முகத்தில் கொக்கியாலேயே ஓங்கி அடித்தார். புருவம் கிழிந்தது. ராஹில் தடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார். அவன் முழங்கால் மடங்கி உட்கார்ந்த பிறகும் அடித்தார். கிழவருக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு பெல்ட்டை வேல்ராஜிடம் நீட்டினார்.

“இந்தா வேல்ராஜு. நீ அடி. உன் ஆத்திரம் தீர்ற மட்டும் அடி. நான் கேக்க மாட்டேன்.”

வேல்ராஜ் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

“எதக் கொண்டு பிடிக்க, மொதலாளி?” என்றார்.

மன்சூர் அலியின் கை அப்படியே இறங்கியது.

ஆட்டோவில் சயான் பக்கம் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வேல்ராஜின் கையைச் சுற்றி நிஷா தன் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். வழி முழுக்க மன்சூர் அலி பேசிக்கொண்டே வந்தார். எல்லாச் செலவும் என்னுடையது, உன் வீட்டுக்குக் கடைசி வரைக்கும் நான் பொறுப்பு என்றார். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது குரலைத் தாழ்த்தினார்.

“ஆஸ்பத்திரில கேப்பாங்க. பிரெஸ்ல தவறிக் கை பட்டுட்டுன்னு சொல்லிருவோம். ஒத்த மவன், வேல்ராஜு. ஜெயிலுக்குப் போனா அவன் உம்மா தாங்க மாட்டா. நிஷா, நீயும்மா. நாளைக்கும் நீ வேலைக்கு வரணும்ல?”

வேல்ராஜ் கண்ணை மூடித் தலையைக் கம்பியில் சாய்த்திருந்தார். கண்ணைத் திறக்காமலே, “எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்ல. நீங்க என்ன சொல்லுதியளோ சொல்லிக்கிடுங்க” என்றார். பதினேழு வருடப் பழக்கம் அவர் வாயில் பேசியது. நிஷாவுக்கு அவர்மேலேயே கோபம் வந்தது. அந்த அரை நிமிடத்தை நினைத்துத் தன்மேல் அதைவிடப் பெரிய கோபம் வந்தது.

அவசரப் பிரிவில் டாக்டர் சட்டையைக் கத்தரித்து முதுகைப் பார்த்தார். பிரெஸ்ஸில் கை பட்டால் முதுகில் எப்படி வரி வரியாய்ப் பட்டை விழும்? அவர் ஒன்றும் கேட்காமல் வாசலில் இருந்த கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். இரண்டு விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று மன்சூர் அலியிடம் மட்டும் தனியாகச் சொன்னார். நிஷாவின் காதில் அதுவும் விழுந்தது.

கான்ஸ்டபிள் மராட்டிக்காரர், நரைத்த மீசை. பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு இந்தியில் கேட்டார். “எப்படி ஆச்சு?”

மன்சூர் அலி முந்திக்கொண்டார். “மிஷின்ல சாஹேப். கவனக்குறைவு.”

“முதுகும் மிஷின்லயா?”

மன்சூர் அலி நிஷாவைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. நல்ல மனிதர்தான். ரமலானில் உம்மாவுக்குப் புடவை கொடுத்து அனுப்புகிறவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நல்ல மனிதரும் இறங்கிவிடுகிறார், பிள்ளை என்று வந்துவிட்டால். நிஷாவுக்கு மான்குர்த் வீடும் உம்மாவின் முட்டியும் ஒரு கணம் கண்ணில் வந்து போயின. வேலை போகும். அது நிச்சயம். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வேல்ராஜ் முனகுவது கேட்டது. சரியான கணக்கை எழுதி வைத்திருந்த மனிதர். தலைமாட்டில் அவள் பட்டறையிலிருந்து எடுத்துவந்த அந்த நோட்டு இருந்தது, அட்டையெல்லாம் ரத்தமாக. எழுதிய கை இனி எழுதாது.

“நான் பார்த்தேன், கேட்டேன்” என்றாள் நிஷா இந்தியில். “நான் சொல்றேன். எழுதிக்குங்க.”

ராஹிலின் பெயரைச் சொன்னாள். அவன் அப்பா பெயரைச் சொன்னாள். பட்டறை எந்தச் சந்து என்று சொன்னாள். பிடித்துக்கொண்டது யார் என்பதையும் சொன்னாள். மன்சூர் அலி பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. 

“எதால அடிச்சான்?”

“பெல்ட்டால. கடைசியில பிரெஸ்ல கையை வெச்சு ஒரு இழுப்பு.”

“பெல்ட்டால எத்தனை அடி? சுமாராச் சொன்னாப் போதும்.”

“சுமார் இல்ல. இருபத்து மூணு. எண்ணிக்கிட்டிருந்தேன்.”

கான்ஸ்டபிள் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் 23 என்று எழுதினார். நிஷா குனிந்து பார்த்தாள். இந்தத் தடவை அவள் கண் எண்ணை விட்டு நகரவில்லை.

“சாஹேப்” என்றாள். “பக்கத்துல எழுத்தாலயும் எழுதுங்க.”

“எதுக்கு?”

“எண்ணா இருந்தா சுருங்கிரும்.”

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து, பேனாவைத் திரும்ப எடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் எழுத்து எழுத்தாக எழுதினார். எழுதி முடிகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரைச்சீலைப் பக்கம் திரும்பி, உள்ளே கேட்கிற அளவுக்கு உரக்கச் சொன்னாள்.

“ஆச்சு அண்ணாச்சி.”